பச்சிளங்குழந்தைப் படத்தில் சிவப்புத் திட்டும் தோலுரிதலும்: மெழுகு பொம்மையாக்காமல் சரிசெய்ய, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை பிறந்து ஒன்பது நாள். கன்னத்தில் சிவப்புத் திட்டு, நெற்றியில் தோல் உரிகிறது. இரண்டையும் ஒரே அடியாக மென்மையாக்கிவிட முடியாதா?

முடியும். ஆனால் முடித்துப் பார்க்கும்போது தொட்டிலில் கிடப்பது பிள்ளையாக இருக்காது, மெழுகுவத்தியாக இருக்கும். திட்டும் உரிதலும் ஒரே கன்னத்தில் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு சங்கதி. சிவப்புத் திட்டு நிறத்தில் உள்ள குறை. அந்த இடத்தில் தோல் மேடுபள்ளம் ஆகிவிடவில்லை, பக்கத்துத் தோலைப் போலவே நுண்வரிகளும் பூனைமுடியும் அங்கேயும் இருக்கின்றன. உரிதல் நேர்மாறானது. நிறம் பெரிதாக மாறவில்லை, மெல்லிய செதில் ஒன்று தூக்கி நிற்கிறது. அதன் விளிம்பு வெளிச்சத்தை வாங்கி வெள்ளையாகத் தெரிகிறது, அடியில் இழைபோல ஒரு நிழல் விழுகிறது.

நிறக் குறையை நிறத்தால் மட்டும் தொட வேண்டும். செதிலை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மங்கலைப் போட்டால், குறை இல்லாத எல்லாவற்றையும் சேர்த்தே அழித்துவிடுவோம். இந்தப் பக்கம் முழுக்க இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

மெழுகு மாதிரி ஆவது எதனால்? நான் லேசாகத்தான் மென்மையாக்கினேன்.

தோலில் மூன்று அளவில் விஷயங்கள் இருக்கின்றன. பெரியது, கன்னத்தின் உருண்டை: வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மெதுவாக இறங்கும் சாயல். நடுத்தரமானது, திட்டுகள். மிகச் சிறியது, நுண்வரி, துளை, பூனைமுடி. நமக்குப் பிடிக்காதது நடுவில் இருக்கும் திட்டு மட்டும்தான். மங்கலாக்கும் எந்தக் கருவியும் திட்டு மறையும் அளவுக்குப் போனால் அதைவிடச் சிறியதை முதலில் விழுங்கிவிடும், அதற்குப் பிறகுதான் திட்டிடம் வரும். பெரியவர்கள் முகத்தில் இது ஓரளவு தப்பித்துவிடும். பிள்ளையின் முகமோ உள்ளங்கை அளவு. கன்னத்துக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள சாயல் சில மில்லிமீட்டரில் முடிந்துவிடுகிறது. மங்கல் அந்த மடிப்பைத் தாண்டி வழிந்தால் உருண்டையும் போய்விடும்.

லேசாகச் செய்தாலும் ஒரு தடவையோடு நிற்பதில்லை என்பது இன்னொரு காரணம். படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் இரைச்சலைக் கேமரா நீக்குவது ஒரு தடவை, Lightroom செயலியில் Texture இழுவையை இறக்குவது ஒரு தடவை, மென்மையாக்கும் பிரஷ் ஒரு தடவை, கைப்பேசியில் அனுப்பும்போது சுருக்கம் ஒரு தடவை. ஒவ்வொன்றும் லேசுதான், சேர்ந்தால் மெழுகு. அதனால் பச்சிளங்குழந்தைப் படங்களுக்கு நான் Texture இழுவையைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே கொண்டுபோவதே இல்லை. இரைச்சல் நீக்கத்தையும் தேவைக்குக் கீழேயே நிறுத்திக்கொள்கிறேன். கொஞ்சம் பொடி இரைச்சல் இருப்பது தோலுக்கு நல்லது.

என் தொடக்க காலத்தில் நான் செய்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஒரு தாய் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், “அழகா இருக்கு, ஆனா இவ என் பிள்ளை மாதிரி இல்லையே அக்கா” என்றார். அந்தக் கோப்பை இன்னும் வைத்திருக்கிறேன்.

படம் எடுப்பதற்கு முன்பே வீட்டில் எதையாவது செய்து திட்டைக் குறைக்கலாமா?

நிறையவே குறைக்கலாம். பிள்ளை அழுதால் முகம் முழுக்கச் சிவக்கும், அதிலும் இமை, நெற்றி நடுவில் பிறப்பிலேயே உள்ள இளஞ்சிவப்புக் கறை பளிச்சென்று தெரியும். பால் குடித்து, ஏப்பம் விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் அமைதியாகக் கிடந்த பிறகு எடுத்தால் பாதி வேலை குறையும். அறை குளிராக இருந்தால் தோலில் வலை போட்டதுபோல ஊதா கலந்த கோலம் விழும். நம் சிங்கப்பூரில் குளிர் என்பது குளிர்சாதனம்தான். படம் எடுக்கும் அரைமணி நேரத்துக்கு அதை அணைத்துவிடுங்கள்.

வெளிச்சத்தில் இரண்டு விஷயம். வீவக அடுக்குமாடி வீட்டில் ஜன்னல் வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கூரை விளக்கையும் எரியவிட்டால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் விழும். அந்தக் கலவையில் எது திட்டு, எது விளக்கு என்று பிரிக்கவே முடியாது. விளக்கை அணையுங்கள். எதிர் புளோக்கின் சுவர் ஆரஞ்சு வண்ணத்தில் இருந்தால் அதுவும் உள்ளே வரும், வெள்ளைத் திரைச்சீலை கொஞ்சம் காப்பாற்றும். இன்னொன்று, வெளிச்சம் பக்கவாட்டில் தோலை உரசிக்கொண்டு போனால் ஒவ்வொரு செதிலும் தன் நிழலோடு நிற்கும். பிள்ளையைச் சற்றே திருப்பி, முகம் ஜன்னலை நோக்கி இருக்கும்படி வைத்தால் அதே செதில் பாதியாகத் தெரியும்.

சிவப்புப் பட்டில் சுற்றிக் கிடத்தினால் தாடைக்கு அடியில் சிவப்பு எதிரொளிக்கும். அதைத் திட்டு என்று நினைத்து மணிக்கணக்கில் துடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டு வேண்டும் என்று பாட்டி ஆசைப்பட்டால் காலடியில் போடுங்கள், முகத்தருகில் வெள்ளைத் துணி இருக்கட்டும்.

தேங்காய் எண்ணெய் பற்றி எப்போதும் கேட்பார்கள். எண்ணெய் செதிலைப் படிய வைக்கும், உண்மைதான். ஆனால் பளபளப்பு வரும், பளபளப்பில் வெளுத்துப்போன இடத்தில் திருத்துவதற்கு எதுவுமே மிஞ்சாது. ஏற்கெனவே தேய்த்திருந்தால் மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். செதிலை மட்டும் கையால் உரிக்காதீர்கள். அடியில் உள்ள தோல் இன்னும் தயாராக இருக்காது, உரித்த இடம் படத்தில் செக்கச்செவேல் என்று வரும்.

சிவப்பைக் குறைத்தேன், இப்போது அந்த இடம் சாம்பல் பூசியதுபோல இருக்கிறது. என்ன தப்பு?

நிறத்தின் செறிவை மட்டும் இறக்கியிருக்கிறீர்கள். திட்டு சிவப்பாக மட்டும் இல்லை, பக்கத்துத் தோலைவிடச் சற்று இருட்டாகவும் இருக்கிறது. செறிவைக் குறைத்தால் சிவப்பு போகும், இருட்டு அப்படியே நிற்கும். சிவப்பு இல்லாத இருட்டுதான் சாம்பல்.

காரணம் இரத்தத்தில் இருக்கிறது. தோலுக்கு அடியில் இரத்தம் கூடுதலாக ஓடும் இடத்தில் அது பச்சை ஒளியை அதிகமாக விழுங்குகிறது, நீலத்தையும் விழுங்குகிறது. சிவப்பு ஒளியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. ஆகவே திட்டில் சிவப்பு கூடிவிட்டது என்பதைவிட, பச்சையும் நீலமும் குறைந்துவிட்டன என்பதே சரி. குறைந்ததைத் திருப்பிக் கொடுத்தால் நிறமும் வெளிச்சமும் சேர்ந்தே திரும்பி வரும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஃபோட்டோஷாப்பில் Channels பலகையைத் திறந்து Red மட்டும் வைத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் பிள்ளையின் கன்னம் பளிங்குபோல இருக்கும், திட்டே இருக்காது. Green மட்டும் வைத்தால் அதே கன்னத்தில் மழைமேகம்போலத் திட்டுகள் தெரியும். குறை எங்கே என்று படமே சொல்லிவிடுகிறது.

சரி, பச்சையைத் திருப்பிக் கொடுப்பது எப்படி? எண்களோடு சொல்லுங்கள்.

செங்காங்கில் ஒரு வீட்டில் எடுத்த படத்தை வைத்துச் சொல்கிறேன். நாள் கடந்து பிறந்த பிள்ளை, எடுத்த அன்று வயது ஒன்பது நாள். வலது கன்னத்தில் ஐம்பது காசு அளவில் ஒரு திட்டு, மார்பில் சிறு திட்டுகள். படம் 6000க்கு 4000 புள்ளிகள். 18க்கு 12 அங்குலத்தில் அச்சிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

முதலில் வெள்ளைச் சமநிலை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி படத்தின் நிறத்தை நிறுத்துவது. பிள்ளையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில், நிழல் விழாத இடத்தில் அதைச் சரிசெய்தேன். இதைச் செய்யாமல் தோல் நிறத்தைத் தொட்டால் பின்னால் எல்லாம் பொய்யாகிவிடும். அப்புறம் 16 பிட்டில் திறந்து, Eyedropper கருவியின் Sample Size அளவை 5 by 5 Average என்று மாற்றினேன். ஒற்றைப் புள்ளியைப் படித்தால் இரைச்சலைத்தான் படிப்போம்.

Info பலகையில் நல்ல தோல் காட்டியது: சிவப்பு 205, பச்சை 160, நீலம் 140. திட்டின் நடுவே: சிவப்பு 198, பச்சை 128, நீலம் 115. பாருங்கள், சிவப்பில் வித்தியாசம் வெறும் 7. பச்சையில் 32, நீலத்தில் 25.

ஒரு Curves லேயர் போட்டேன். கலப்பு முறை Normal. Green வளைவில் 128 இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து 150க்குத் தூக்கினேன். Blue வளைவில் 115ஐ 131க்குத் தூக்கினேன். Red வளைவைத் தொடவில்லை. பச்சையை 160 வரை கொண்டுபோகாமல் 150இல் நிறுத்தியதைக் கவனியுங்கள். வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு இருப்பதுதான் உயிர். முழுவதும் சமமாக்கினால் ஒப்பனை போட்டதுபோல ஆகிவிடும், அதுவும் மெழுகில் ஒரு வகைதான்.

இப்போது படம் முழுக்கப் பச்சை பாய்ந்திருக்கும், பயப்பட வேண்டாம். மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Ctrl+I அழுத்தினால் எல்லாம் மறைந்துவிடும். இனி ஓரம் மிருதுவான பிரஷ், வெள்ளை நிறம், Flow 8%. திட்டின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே போனேன். ஒரே இழுப்பில் முடிக்கக் கூடாது. எட்டுப் பத்துத் தடவை போய் வந்தால், திட்டு எங்கே கூடுதலோ அங்கே திருத்தமும் கூடுதலாக விழும்.

தடவும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் திணறுவீர்கள். அதற்காக எல்லா லேயருக்கும் மேலே ஒரு Channel Mixer லேயர் போட்டு, Monochrome தேர்ந்தெடுத்து, Red 0, Green 100, Blue 0 என்று வைத்துக்கொள்வேன். படம் முழுக்கப் பச்சைச் சேனலின் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கீழே மாஸ்க்கில் தடவத் தடவ மழைமேகம் கண்முன்னே கரையும். மேகம் சன்னமாகி, மறைவதற்குச் சற்று முன்னால் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு அந்த உதவி லேயரை நீக்கிவிட்டு நிறத்தில் பாருங்கள்.

உதட்டின் ஓரம், மூக்குத் துவாரம், காது மடல் ஆகியவை இயல்பிலேயே சிவப்பு. பச்சைச் சேனலில் அவையும் இருட்டாகத்தான் தெரியும். ஆர்வத்தில் அவற்றையும் தடவினால் பிள்ளை சோகை பிடித்ததுபோல வெளிறிவிடும். நான் ஒரு தடவை காதைத் தடவிவிட்டு, எதனால் முகம் செத்துக் கிடக்கிறது என்று வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.

தோலுரிதலை எப்படி எடுப்பது? Healing பிரஷ் போட்டால் அங்கங்கே கறையாகிறது.

உரிதல் வேலையை நிறத்துக்கு முன்னால் செய்யுங்கள், லேயர் வரிசையிலும் அது Curves லேயருக்குக் கீழே இருக்கட்டும். ஒரு வெற்று லேயரைத் திறந்து, கருவியில் Sample என்ற இடத்தில் Current & Below என்று வையுங்கள். இப்படிச் செய்தால் மேலேயுள்ள நிறத் திருத்தத்தை நாளைக்கு மாற்றினாலும் இந்த வேலை கெடாது.

Healing பிரஷ் சுற்றியுள்ள நிறத்தையும் இழுத்துக் கலக்கும். கன்னத்தின் நடுவில் அது அருமை. உதடு, முடிவரிசை, போர்வை ஓரம் ஆகியவற்றின் அருகே போனால் அந்த நிறம் வழிந்து கறையாகும். உங்கள் கறை அங்கேதான் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஓரங்களில் Clone Stamp எடுங்கள்.

செதிலுக்கு நான் அதிகம் நம்புவது Clone Stamp கருவியின் Darken முறை. அது செய்வது ஒன்றே ஒன்று: எடுத்த இடத்தைவிட வெளிச்சமாக உள்ள புள்ளிகளை மட்டும் மாற்றும், மற்றதைத் தொடாது. செதிலின் விளிம்பு வெள்ளை, ஆகவே அது அடங்கும். பக்கத்தில் உள்ள துளையும் மடிப்பும் இருட்டு, அவை அப்படியே நிற்கும். Opacity 40%, ஓரம் மிருது, பிரஷ் அளவு செதிலின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு. ஒன்றிரண்டு பிரஷ் அகலம் தள்ளி, அதே வெளிச்சம் விழும் தோலிலிருந்து எடுக்க வேண்டும்.

எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளிச்சமான தோலிலிருந்து எடுத்தால் எதுவுமே நடக்காது, எத்தனை தடவை தேய்த்தாலும் செதில் அப்படியே இருக்கும். இருட்டான தோலிலிருந்து எடுத்தால் செதிலோடு சுற்றுப்புறமும் கறுத்து, விரல் பட்ட அழுக்குப்போல ஆகும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் எடுத்த இடத்தை நிழல் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துங்கள், அழுக்கானால் வெளிச்சப் பக்கமாக நகர்த்துங்கள். இரண்டு மூன்று முயற்சியில் கை பழகிவிடும்.

வெள்ளை விளிம்பு அடங்கிய பிறகு, செதிலுக்கு அடியில் இருந்த நிழல் இழை ஒன்று மிஞ்சும். அதே கருவியை Lighten முறைக்கு மாற்றி, Opacity 25% வைத்து அந்த இழையில் மட்டும் ஓட்டுங்கள். முழுதாகத் தூக்கி நிற்கும் பெரிய செதில் என்றால் முதலில் Healing பிரஷ்ஷால் ஒரே தொடுதல், பிறகு இந்த இரண்டும்.

எத்தனை செதிலை எடுப்பது? செங்காங் பிள்ளையின் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றையும் 100% பெரிதாக்கி எடுத்தால் இரண்டு நாள் ஆகும், படமும் கெடும். 6000 புள்ளியை 18 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 333 புள்ளி. என் திரை அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 புள்ளி காட்டுவது. அப்படியென்றால் 30% பெரிதாக்கத்தில் பார்ப்பது கிட்டத்தட்ட அச்சின் அளவு. அந்த அளவில் கண்ணில் குத்தும் செதிலை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டு, பெரிதாக்கி, எடுத்துவிட்டுத் திரும்புவேன். அந்தப் படத்தில் முகத்தில் பதினெட்டு, நெற்றிமுடி ஓரத்தில் ஏழு, கையில் ஒன்பது. கணுக்காலை அப்படியே விட்டுவிட்டேன். பிறந்து ஒன்பது நாளான பிள்ளையின் கால் அப்படித்தான் இருக்கும்.

வேலை முடிந்த பிறகு மெழுகாகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்துப் பார்த்து என் கண்ணே மரத்துவிட்டது.

நெற்றி ஓரத்திலும் தோளிலும் பூனைமுடி இருக்கும். முன், பின் என்று மாற்றி மாற்றி அதை மட்டும் பாருங்கள். முன்பு எண்ண முடிந்த முடிகள் இப்போது கரைந்து புகையாகிவிட்டால் நீங்கள் அளவு தாண்டிவிட்டீர்கள்.

அடுத்தது மூக்கு நுனியிலும் நெற்றியிலும் விழும் ஒளிப்புள்ளி. உயிருள்ள தோலில் அந்த வெளிச்சம் பொடிப்பொடியாக உடைந்திருக்கும். மெழுகில் அது ஓரம் கரைந்த ஒரே வழவழப்பாக இருக்கும். பிறகு முகத்தையும் கையையும் ஒப்பிடுங்கள். விரல் முட்டியில் சுருக்கம் அப்படியே இருக்க, முகம் மட்டும் முட்டைபோல இருந்தால் பார்ப்பவர் எது தப்பு என்று சொல்லத் தெரியாமல் முகத்தைச் சுளிப்பார்.

அளவு தாண்டியிருந்தால் திருத்தம் செய்த லேயரின் Opacity அளவை 70% அளவுக்கு இறக்குங்கள். பெரும்பாலும் அதுவே போதும். Healing போட்ட இடங்களில் மட்டும் பொடி இரைச்சல் போய் வழுக்கையாகத் தெரிந்தால், 50% சாம்பல் நிரப்பிய லேயரை Soft Light முறையில் வைத்து, Add Noise கருவியில் Gaussian, Monochromatic தேர்ந்தெடுத்து, சுற்றியுள்ள இரைச்சலோடு ஒத்துப்போகும்வரை கொஞ்சமாகக் கூட்டி, மாஸ்க் வழியாக அந்த இடத்தில் மட்டும் காட்டலாம். இது சிறு ஓட்டைக்கு ஒட்டுப்போடுவது மாதிரிதான். முழு முகமும் மெழுகாகிவிட்டால் இரைச்சல் தூவிப் பயனில்லை, மணல் ஒட்டிய மெழுகாகத்தான் வரும். மூலப்படத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

Frequency separation செய்தால் இதெல்லாம் சுலபம் என்கிறார்களே?

பெரியவர்களுக்கு நானும் செய்வேன். நிறத்தையும் நுண்மையையும் பிரிக்கும் எண்ணம் சரியானதுதான். சிக்கல், நிறமும் சாயலும் தங்கும் அதன் கீழ் லேயரில் இருக்கிறது. அங்கே லாசோ கருவியால் இடத்தை வளைத்து மங்கலாக்கும் பழக்கம் வந்துவிட்டால் கன்னத்தின் உருண்டை தட்டையாகிவிடும். மேலே துளை எல்லாம் பத்திரமாக இருக்கும், முகமோ தட்டு மாதிரி இருக்கும். பிள்ளையின் முகச் சாயல்கள் குறுகலானவை என்று மேலே சொன்னேனே, அதனால் இங்கே அது சீக்கிரம் நடந்துவிடுகிறது. Curves வழியில் மங்கல் என்பதே கிடையாது, ஆகவே அந்த ஆபத்தும் கிடையாது.

“கொஞ்சம் கலரா வர்ற மாதிரி செய்ங்க” என்று வீட்டில் கேட்கிறார்கள். செய்யலாமா?

நான் செய்வதில்லை. காசு கூடத் தருகிறேன் என்று சொன்னாலும்.

தொழில் சார்ந்த காரணமும் ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் பிறந்த சில நாள் வெளுப்பாக இருந்து, வாரங்கள் போகப் போகத் தங்கள் நிறத்துக்கு வருவார்கள். காது மடல் ஓரத்தைப் பார்த்துப் பாட்டிமார் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். காது, விரல் முட்டி, நகக்கணு ஆகியவை முகத்தைவிட ஒரு சாயல் கூடுதலாக இருக்கும். முகத்தை மட்டும் வெளுத்தால் காதும் கையும் வேறு பிள்ளையுடையதுபோல நிற்கும்.

மாநிறப் பிள்ளைகளுக்குத் திட்டைத் திருத்தும்போதும் கவனம் வேண்டும். அங்கே திட்டு சிவப்பாக இல்லாமல் செம்பழுப்பாகவோ ஊதா கலந்தோ தெரியும். பச்சையை அதிகம் தூக்கினால் உடனே சாம்பல் பாயும். மேலே சொன்ன அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள், Info பலகையில் அதே பிள்ளையின் நல்ல தோலைத்தான் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு பிள்ளையின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது?

இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடக்கூடியதை எடுக்கலாம்: திட்டு, செதில், நகக்கீறல், காய்ந்த பால். பிள்ளையோடு வெகுநாள் இருக்கப்போவதைக் கேட்காமல் தொடாதீர்கள். முதுகிலும் இடுப்பிலும் உள்ள நீலச்சாம்பல் கறை நம் ஆசியப் பிள்ளைகளுக்குச் சாதாரணம். பிடரியில், இமையில் உள்ள இளஞ்சிவப்புக் கறையும் அப்படியே. மூக்கின் மேல் பொடிப்பொடி வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் நான் விட்டுவிடுவேன், எனக்கு அவை பிடிக்கும். கை கால் சற்று ஊதாவாக இருந்தால் Curves வழியில் அந்த நிறத்தை லேசாகச் சூடேற்றலாம், முகத்தின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

திருஷ்டிப் பொட்டை அழித்துவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், நடந்திருக்கிறது. தமிழ் தெரியாத ஒருவரிடம் திருத்தக் கொடுத்தால் கன்னத்துக் கறுப்புப் பொட்டை அழுக்கு என்று நினைத்துத் துடைத்து அனுப்பிவிடுவார். குறிப்பில் முதல் வரியாக எழுதிவிடுங்கள்.

இந்தத் திட்டு நோயா? படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

படத்தைப் பார்த்து யாரும் சொல்லக் கூடாது, வெள்ளைச் சமநிலையை நகர்த்தினால் மஞ்சள்காமாலையைக்கூட வரவழைக்கலாம், மறைக்கவும் செய்யலாம். முதல் ஓரிரு வாரத்தில் வந்துபோகும் திட்டும் உரிதலும் பெரும்பாலும் சாதாரணம். கொப்புளம், சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் மஞ்சள், பால் குடிக்க மறுப்பது என்று எது இருந்தாலும் படத்தைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

என்னிடம் கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது அக்கா.

முதலில் கேமராவில் அழகூட்டும் அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்து அணையுங்கள். சில கைப்பேசிகளில் அது நாம் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும், மெழுகு எடுக்கும்போதே பிடித்துவிடும். அப்புறம் Snapseed செயலியில் Selective கருவியைத் திட்டின் நடுவில் வைத்து, வட்டத்தைத் திட்டின் அளவுக்குச் சுருக்கி, Saturation அளவைக் கொஞ்சம் இறக்கி, அதே இடத்தில் Brightness அளவைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வது ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பெரிய செதில்களை Healing கருவியில் நன்றாகப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகத் தொடுங்கள். Structure பக்கம் போகாதீர்கள், அதைக் கூட்டினால் மிச்சமுள்ள செதிலெல்லாம் எழுந்து நிற்கும்.

இதே படத்தைக் கடவுச்சீட்டுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்துக்குத் தரும் படத்தில் எந்தத் திருத்தமும் இருக்கக் கூடாது. வெள்ளைத் துணியில் கிடத்தி, திட்டோடும் செதிலோடும் தனியாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மட்டும் பொட்டு வைக்க வேண்டாம் என்று பாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.